மெல்லிய கோளக்கூட்டின் நிலைமத் திருப்புத்திறன்: வளையம் வளையமாகக் கூட்டும் முறை

மதுரையில் மாலை நேரத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். உள்ளீடற்ற கோளத்துக்கு (2/3)MR² என்று அட்டவணையைப் பார்த்து எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். "வருவித்துக் காட்டு" என்றால் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு விடை 3π/16 என்று வந்து நிற்கும். அது கவனக்குறைவால் வருகிற விடை இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி தவறுகிறார்கள். அந்த இடத்தை மூன்றாம் படியில் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

## 1. தொடங்கும் முன்

கணக்குக்குத் தேவையானவை மூன்றுதான். ஒரு வளையத்தின் மையம் வழியாக, அதன் தளத்துக்குச் செங்குத்தாகப் போகும் அச்சைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன் (நிறை × ஆரத்தின் வர்க்கம்) என்பது தெரிந்திருக்க வேண்டும். வளையத்தின் எல்லாத் துளியும் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் அங்கே தொகையீடே தேவையில்லை. கோளத்தை வளையங்களாக வெட்டுவதற்குக் காரணமும் அதுதான். இரண்டாவது, கோளத்தின் புறப்பரப்பு 4πR². மூன்றாவது, sin²θ = 1 − cos²θ.

கையில் ஒரு உருண்டையும் இருந்தால் நல்லது. படிக்கட்டுக் கைப்பிடியின் முனையில் வைக்கும் எவர்சில்வர் குண்டு இருக்கிறதே, அது அருமையான கோளக்கூடு. நான் வில்லாபுரம் பக்கம் ஒரு கிரில் பட்டறையில் வாங்கினேன். "கேட்டுக்கா சார்?" என்றார் பட்டறைக்காரர். "இல்லண்ணே, கணக்குக்கு" என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஓட்டை போடாத குண்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். விட்டம் 76 மி.மீ., தகடு 1 மி.மீ. இந்தக் குண்டுதான் கடைசிவரை நமக்குத் துணை.

## 2. அச்சையும் கோணத்தையும் முதலில் குறியுங்கள்

குண்டின் மையம் வழியாக மேலிருந்து கீழாக ஒரு அச்சு வரையுங்கள். கோணம் θ-வை அச்சின் மேல்முனையிலிருந்து அளக்கவும். உச்சியில் θ = 0, நடு இடுப்பில் 90°, அடியில் 180°.

இதை எழுதிவைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சிலர் கோணத்தை இடுப்பிலிருந்து அளக்கத் தொடங்கி, பாதியில் புத்தகத்தில் உள்ள சைனை எடுத்து ஒட்டிவிடுவார்கள். இடுப்பிலிருந்து அளந்தாலும் தவறில்லை. ஆனால் அப்போது வளையத்தின் ஆரம் R cosθ ஆகும், எல்லைகள் −90° முதல் +90° வரை. இரண்டையும் கலந்தால்தான் வம்பு.

θ என்ற கோணத்தில் உள்ள வளையத்தின் ஆரம்:

```
r = R sinθ
```

உச்சியில் வளையம் புள்ளியாகச் சுருங்குகிறது, இடுப்பில் R அளவுக்கு விரிகிறது. இந்த r-தான் அச்சிலிருந்து தூரம். R என்பது மையத்திலிருந்து தூரம். இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டவருக்கு விடை MR² என்று வரும். கூட்டின் மொத்த நிறையும் அச்சிலிருந்து R தூரத்தில் இருந்தால்தான் அது சரி. உச்சியில் இருக்கும் தகடு அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதே.

## 3. வளையத்தின் அகலம்: இங்கேதான் வழுக்கும்

θ-வுக்கும் θ + dθ-வுக்கும் நடுவே உள்ள பட்டையை எடுங்கள். அதன் சுற்றளவு 2πR sinθ. அகலம் எவ்வளவு?

பலரும் வளையத்தைப் பக்கத்திலிருந்து பார்த்து, அதன் உயரத்தை அகலமாக எழுதிவிடுகிறார்கள். உயரம் dz = R sinθ dθ. ஆனால் பட்டை நேராக நிற்கவில்லை, சாய்ந்து கிடக்கிறது. குண்டின் மேல் நூலைப் படியவைத்து அளந்தால் வரும் நீளம்தான் அகலம்:

```
அகலம் = R dθ
```

சொன்னால் மண்டையாட்டுவார்கள், அளந்து பார்த்தால்தான் பதியும். என் குண்டில் R = 38 மி.மீ. 10° அகலத்துக்கு இரண்டு பட்டைகளை மார்க்கரால் வரைந்தோம். ஒன்று இடுப்பில், 85° முதல் 95° வரை. இன்னொன்று மேலே, 25° முதல் 35° வரை. நூலை வைத்து அளந்தால் இரண்டுக்கும் ஒரே 6.6 மி.மீ. ஸ்கேலை நேராக நிறுத்தி உயரத்தை அளந்தால் இடுப்புப் பட்டைக்கு 6.6 மி.மீ., மேல்பட்டைக்கு 3.3 மி.மீ. மட்டுமே. இடுப்பில் உயரமும் அகலமும் ஒன்றுதான், அதனால் அங்கே தவறு தெரியாது. உச்சியை நெருங்க நெருங்கத்தான் தகடு படுத்துக்கொள்கிறது, உயரம் கிட்டத்தட்ட காணாமல் போகிறது.

உயரத்தையே அகலமாக எடுத்தால் மொத்தப் பரப்பு π²R², அதாவது 9.87R² என்று வரும். உண்மையான பரப்பு 12.57R². ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தகடு தொலைந்துபோய்விட்டது. அந்தத் தகட்டை வைத்துக் கணக்கை முடித்தால் (3π/16)MR², அதாவது 0.589MR². உங்கள் விடையில் π மிச்சம் நின்றால் இந்தப் படிக்குத் திரும்பி வாருங்கள்.

கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்கும்: "திண்மக் கோளத்தை வட்டத் தட்டுகளாக வெட்டும்போது dz-ஐத் தடிமனாக எடுத்தோமே சார், அங்கே மட்டும் எப்படிச் சரியாக வந்தது?" அங்கேயும் தட்டின் ஓரம் சாய்வாகத்தான் இருக்கிறது. ஆனால் சாய்வினால் விடுபடுவது ஓரத்தில் உள்ள மெல்லிய சில்லு மட்டுமே. தட்டு மெலிய மெலிய, அந்தச் சில்லு தட்டைவிட வேகமாகச் சிறுத்து ஒன்றுமில்லாமல் போகிறது. கூட்டில் உள்ளே ஒன்றும் கிடையாது, ஓரம்தான் மொத்தச் சரக்கும். எவ்வளவு மெல்லியதாக வெட்டினாலும் சாய்வு சாய்வுதான், விடுபட்ட விகிதம் மாறாது.

## 4. வளையத்தின் நிறை

நிறை கூடு முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறது. ஆகவே ஒரு சதுர அலகுக்கு M/(4πR²). இதை வளையத்தின் பரப்பால் பெருக்க வேண்டும்:

```
dm = [M/(4πR²)] × (2πR sinθ)(R dθ)
   = (M/2) sinθ dθ
```

π-யும் R-உம் அடிபட்டுப் போயின. போகவில்லை என்றால் மேலே எங்கோ தவறு.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று, நிறையை மட்டும் 0 முதல் π வரை கூட்டிப் பாருங்கள். ∫ sinθ dθ = 2, ஆகவே M வர வேண்டும். இந்த ஒரு வரிச் சோதனையைச் செய்கிறவர் மூன்றாம் படியில் தவறியிருந்தாலும் இங்கேயே பிடித்துவிடுவார். செய்யாதவர் கடைசி வரி வரை போய்த்தான் முழிப்பார்.

## 5. ஒரு வளையத்தின் பங்கு

நிறை × அச்சிலிருந்து தூரத்தின் வர்க்கம்:

```
dI = dm × (R sinθ)²
   = (MR²/2) sin³θ dθ
```

மூன்று சைன் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், மனப்பாடம் வேண்டாம். ஒன்று, மேலே போகப் போக வளையத்தின் சுற்றளவு சுருங்குவதால். மற்ற இரண்டு, தூரத்தின் வர்க்கத்தால். உச்சிப் பக்கத்து வளையங்கள் இரண்டு வகையிலும் நஷ்டப்படுகின்றன: நிறையும் குறைவு, தூரமும் குறைவு.

## 6. தொகையீடு

sin³θ-வை sinθ(1 − cos²θ) என்று பிரித்து, u = cosθ என்று எடுங்கள். du = −sinθ dθ. θ = 0 என்றால் u = 1, θ = π என்றால் u = −1. எதிர்க்குறியை எல்லைகளைத் திருப்பிப் போட்டு விழுங்கிவிடலாம்:

```
∫ sin³θ dθ (0 → π) = ∫ (1 − u²) du (−1 → 1)
                    = 2 − 2/3 = 4/3

I = (MR²/2)(4/3) = (2/3) MR²
```

எல்லையில் இரண்டு தவறுகள் வரும். 0 முதல் π/2 வரை மட்டும் போட்டால் மேல் பாதி மட்டும் சேரும், 1/3 வரும். "கோளம்தானே, முழுச் சுற்று" என்று 2π வரை போட்டால் பூஜ்யம் வரும். ஒவ்வொரு வளையமும் ஏற்கெனவே அச்சைச் சுற்றி முழு வட்டம் போட்டுவிட்டது. θ-வின் வேலை உச்சியிலிருந்து அடிக்கு இறங்குவது மட்டும்தான்.

u-வை எடுத்தபோது ஒரு நல்ல விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. z = Ru, ஆகவே dm = (M/2R) dz. சம உயரத்துக்கு வெட்டினால், உச்சிப் பக்கம் வெட்டினாலும் இடுப்பில் வெட்டினாலும் பட்டையின் நிறை ஒன்றே. வட்டம் சுருங்குவதால் குறைகிற பரப்பைச் சாய்வு சரியாக ஈடுகட்டிவிடுகிறது. இதைக் கண்டவர் ஆர்க்கிமிடீஸ். இது தெரிந்தவர்கள் சைனே இல்லாமல் மூன்று வரியில் முடித்துவிடலாம். ஆனால் முதல் தடவை கோணத்தில் செய்யுங்கள், இல்லாவிட்டால் இந்த ஈடுகட்டல் கண்ணில் படாது.

## 7. விடையை வேறு வழியில் சோதிக்க

தொகையீட்டில் நம்பிக்கை வராதவர்கள் ஆறே ஆறு வளையங்களை வைத்துக் கையால் கூட்டலாம். ஒவ்வொன்றும் 30° அகலம், நடுக்கோணங்கள் 15°, 45°, 75°. கீழ்ப்பாதி மேல்பாதியின் நகல்தான்.

```
sin³15° = 0.0173
sin³45° = 0.3536
sin³75° = 0.9012
கூடுதல்  = 1.2721,  இரு மடங்கு = 2.5442
× 0.5236 (30° ரேடியனில்) = 1.332
```

4/3 என்பது 1.333. ஆறு வளையத்துக்கே இவ்வளவு நெருக்கம். முதல் வரியையும் மூன்றாம் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். 60° முதல் 120° வரை உள்ள இடுப்புப் பட்டையில் இருப்பது நிறையில் சரிபாதி. ஆனால் I-யில் ஏறக்குறைய 69 விழுக்காடு அதனுடையது. உச்சித் தொப்பி (0 முதல் 30° வரை) நிறையில் 6.7 விழுக்காடு, I-யில் 1.3 மட்டும்.

தொகையீடே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. x, y, z மூன்று அச்சுகளைப் பற்றிய I-க்களைக் கூட்டினால் ஒவ்வொரு துளிக்கும் 2(x² + y² + z²) வரும், அதாவது 2R². ஆகவே மூன்றும் சேர்ந்து 2MR². கோளத்துக்கு மூன்று அச்சும் ஒன்றுதான், மூன்றால் வகுத்தால் 2/3. தேர்வில் வளைய முறையைக் கேட்டால் இதை எழுத முடியாது. சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. திண்மக் கோளத்தைவிட ஏன் அதிகம்?

"சார், உள்ளே நிரம்பியிருக்கிறதுதானே கனம்? அதுக்குத்தானே அதிகம் வரணும்?" வருஷம் தவறாமல் வரும் கேள்வி. கேட்கிற பிள்ளை சொல்வதில் பாதி சரி. ஒப்பிடும்போது எதைச் சமமாக வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அட்டவணை ஒப்பிடுவது ஒரே நிறை, ஒரே ஆரம் கொண்ட இரண்டு கோளங்களை. திண்மக் கோளத்தைக் கூடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியதாக நினையுங்கள், வெங்காயம் மாதிரி. s ஆரமுள்ள ஒரு கூட்டின் நிறை 3Ms² ds/R³. அதன் I நமக்குத் தெரியும், நிறையுடன் (2/3)s²-ஐப் பெருக்க வேண்டும்:

```
I = ∫ (2/3) s² (3M s²/R³) ds (0 → R)
  = (2M/R³)(R⁵/5) = (2/5) MR²
```

ஆக இரண்டிலும் அதே 2/3 இருக்கிறது. கூட்டில் எல்லா நிறையும் s = R-இல் இருக்கிறது. திண்மத்தில் s²-இன் சராசரி (3/5)R² மட்டுமே. 2/3 × 3/5 = 2/5. கூட்டுக்கு I அதிகமானதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை: அதே நிறையை உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளிவிட்டோம்.

இதைச் சொல்லும்போது "திண்மத்தில் நிறை மையத்தில் குவிந்திருக்கிறது" என்று எழுதாதீர்கள், அது தவறு. பாதி ஆரத்துக்குள் இருப்பது எட்டில் ஒரு பங்கு நிறைதான். நிறையின் பெரும்பகுதி திண்மத்திலும் வெளிப்பக்கமே இருக்கிறது. அதனால்தான் இடைவெளி ஐந்துக்கு மூன்று என்ற அளவோடு நிற்கிறது.

இப்போது அந்தப் பிள்ளையின் மீதிப் பாதி. நிறையைச் சமமாக வைக்காமல், அதே எவர்சில்வரில் அதே 76 மி.மீ. விட்டத்துக்குத் திண்மக் குண்டு செய்தால் எடை ஏறக்குறைய 1.8 கிலோ வரும். நம் கூடு 140 கிராம். அப்போது திண்மத்தின் I கூட்டினுடையதைப்போல 8 மடங்கு. அதாவது ஒரு திண்மக் குண்டைக் குடைந்து கூடாக்கினால் I குறையும், கூடாது. குடைந்தெடுத்த எஃகைத் திரும்ப வெளிப்புறமே பூசினால்தான் கூடும். இரண்டையும் குழப்பி "உள்ளீடற்றதாக்கினால் நிலைமத் திருப்புத்திறன் அதிகரிக்கும்" என்று எழுதினால் தவறுதான்.

## 9. எவ்வளவு தடிமன் வரை "மெல்லிய" கூடு?

வெளி ஆரம் R, உள் ஆரம் a என்றால்:

```
I = (2/5) M (R⁵ − a⁵)/(R³ − a³)
```

தடிமன் ஆரத்தில் 1 விழுக்காடு என்றால் கெழு 0.660, அதாவது 2/3-ஐவிட 1 விழுக்காடு குறைவு. 10 விழுக்காடு என்றால் 0.604, ஏறக்குறைய 9 விழுக்காடு குறைவு. பிழை கிட்டத்தட்ட தடிமன் விழுக்காட்டையே பின்தொடர்கிறது என்று நினைவில் வைத்தால் போதும். என் குண்டுக்கு 0.649. வெளி ஆரத்துக்குப் பதில் தகட்டின் நடு ஆரத்தைப் போட்டு 2/3 சூத்திரத்தையே பயன்படுத்தினால் 10 விழுக்காட்டுத் தடிமனுக்குக்கூடப் பிழை அரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும்.

## 10. பலகையில் உருட்டிப் பாருங்கள்

சரிவில் வழுக்காமல் உருளும்போது முடுக்கம் g sinα/(1 + k). இதில் k என்பது 2/3 அல்லது 2/5, நிறையும் ஆரமும் அடிபட்டுப் போகும். அதனால் எவர்சில்வர் குண்டையும் கோலிக்குண்டையும் தைரியமாகப் போட்டிக்கு விடலாம். கூட்டுக்கு (3/5)g sinα, திண்மத்துக்கு (5/7)g sinα.

1.5 மீட்டர் பலகையின் ஒரு முனையை 10 செ.மீ. தூக்கிவையுங்கள். கோலி 2.54 விநாடியில் இறங்கும், கூடு 2.77 விநாடியில். கால் விநாடிகூட இல்லாத வித்தியாசத்தை ஸ்டாப்வாட்ச்சில் பிடிக்க முயலாதீர்கள், கைத்தாமதமே அவ்வளவு இருக்கும். கோலி கீழ்முனையைத் தொடும் நொடியில் கூடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கணக்குப்படி அது 84 விழுக்காடு தூரம்தான் வந்திருக்கும், 24 செ.மீ. பின்னால். தகட்டுத் தடிமனையும் சேர்த்தால் என் குண்டுக்கு 23 செ.மீ. பலகையில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவைத்து, கைப்பேசியில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தால் போதும்.

இரண்டும் வெவ்வேறு அளவு என்பதால் மையத்தை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். ஒரே ஸ்கேலின் மேல் இரண்டின் முன்பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கட்டும், ஸ்கேலை வெடுக்கென்று எடுங்கள்.

எங்கள் மொட்டைமாடியில் முதல் நாள் இது சொதப்பியது. பந்து பக்கவாட்டில் ஓடாமல் இருக்கட்டும் என்று அலுமினியச் சேனலில் உருட்டினேன். இரண்டு விளிம்பில் உட்கார்ந்து உருளும்போது உருளும் ஆரம் R-ஐவிடக் குறைந்துவிடுகிறது, சூத்திரத்தில் k-யின் கூடவே (R/உருளும் ஆரம்)² வந்து ஒட்டிக்கொள்கிறது. பெரிய குண்டும் சிறிய கோலியும் ஒரே சேனலில் வேறு வேறு அளவுக்குப் பாதிக்கப்பட்டன. கோலியோ விளிம்புகளுக்கு நடுவே நன்றாக அமிழ்ந்துபோய், கூட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் தட்டையான பிளைவுட் பலகை.

இரண்டாவது நாள் ஒரு பையன் மேசை டென்னிஸ் பந்தைக் கொண்டுவந்தான். அதுவும் மெல்லிய கூடுதான், ஆனால் 2.7 கிராம் எடைக்குக் காற்றே பெரிய எதிரி. பலகையின் அடியில் வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டும்போது, காற்றின் தடை பந்தைக் கீழே இழுக்கும் விசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். எவர்சில்வர் குண்டுக்கு அது இரண்டு விழுக்காட்டுக்குள். பந்து கோட்டுக்கு நன்றாகப் பின்னால் நின்றதைப் பார்த்துவிட்டு அவன் 2/3 தவறு என்றே முடிவுகட்டிவிட்டான். மின்விசிறியை நிறுத்தியும் பயனில்லை. குண்டை எடுத்து அவன் கையில் கொடுத்து மூன்று முறை உருட்டச் சொன்னேன். மூன்று முறையும் கோட்டுக்கு ஒரு விரல்கடை முன்னே பின்னே வந்து நின்றது.